திரும்பிய சம்பளம், திரும்பும் தவணைகள்: எட்டு நாள் கட்டணக் கணக்கு

1. கேள்வி

சம்பளம் ஒரு மாதம் கணக்கில் ஏறாமல் நின்றுவிட்டால், கம்பெனியின் கணக்குப் பிரிவு அதைத் தாமதம் என்று சொல்லும். எட்டு நாள் கழித்து முழுத் தொகையும் வந்துவிட்டால், அவர்கள் பேரேட்டில் விஷயம் முடிந்தது. சம்பளக்காரருடைய பாஸ்புக்கில் அது முடிவதில்லை. அந்த எட்டு நாளுக்குள் வண்டிக் கடன், தனிநபர் கடன், முதலீட்டுத் தவணை, காப்பீட்டுப் பிரீமியம் என்று முன்பே கையெழுத்திட்ட மேண்டேட்டுகள் தத்தம் தேதியில் வந்து பணம் கேட்டிருக்கும். கிடைக்காதபோது ஒவ்வொன்றும் ஒரு கட்டணத்தை எழுதிவிட்டுப் போயிருக்கும்.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி குறுகியது. கைமாற்றாக ஓரளவு பணம் மட்டுமே புரட்ட முடிகிற ஒருவர், அந்த வாரத்தில் எதை முதலில் சரிசெய்ய வேண்டும்? பெரிய கடனையா, வட்டி அதிகமானதையா, மிரட்டிப் பேசும் நிறுவனத்தையா? மூன்றுமே தவறான விடைகள் என்பதே என் வாதம். அடுத்து வந்து கதவைத் தட்டப்போவது எது என்று பார்த்து, அதிலிருந்து வரிசையை அமைக்க வேண்டும்.

2. வழக்கமான விளக்கங்கள்

வங்கிகளும் கடன் நிறுவனங்களும் சொல்லும் விளக்கம் ஒழுங்கு பற்றியது. தவணைத் தேதியில் இருப்பு வைப்பது கடனாளியின் பொறுப்பு. தவறினால் விழும் கட்டணம் அந்த ஒழுங்கைப் பழக்குவதற்கு. ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18-ஆம் தேதிச் சுற்றறிக்கையில் இதை ஒப்புக்கொண்டு, கூடவே ஒரு வரம்பும் போட்டது. அபராதக் கட்டணம் கடன் ஒழுங்குக்கானதே தவிர வருமானத்துக்கான வழி அல்ல; அதை வட்டியோடு கூட்டி வசூலிக்கக் கூடாது; அதன் மேல் மறுபடி வட்டி ஏறவும் கூடாது என்றது. நல்ல விதிதான். ஆனால் அது கடன் ஒப்பந்தத்தை மீறியதற்கான அபராதத்தைப் பற்றியது. தவணை திரும்பியதற்காகச் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கி தனியாகப் பிடிக்கும் கட்டணத்தை அது தொடவில்லை. பணத்தை அதிகம் தின்பது அந்தக் கட்டணமே என்பதைப் பின்னால் காண்போம்.

இரண்டாவது விளக்கம் மனத்தைப் பற்றியது. செந்தில் முல்லைநாதனும் எல்டர் ஷஃபீரும் 2013-இல் வெளியிட்ட ‘ஸ்கேர்சிட்டி’ நூலுக்குப் பிறகு இது பரவலானது. பற்றாக்குறையில் இருப்பவரின் கவனம் முழுவதும் எதிரே நிற்கும் ஒரு நெருக்கடியில் குவிந்துவிடுகிறது. பக்கத்தில் வருவது கண்ணில் படுவதில்லை. நாம் பார்க்கப்போகும் மனிதரும் அப்படி ஒரு தவறு செய்கிறார். ஆனால் இந்த விளக்கத்தோடு நின்றுவிட்டால் ஒன்று விடுபடுகிறது. நிதானமாக இருப்பவருக்கும் அந்தத் தவறு நேரும். ஏனெனில் எந்த மேண்டேட் எந்த வேளையில் வரும், வங்கி தன் கட்டணத்தை எப்போது எடுக்கும் என்ற வரிசை வாடிக்கையாளருக்குக் காட்டப்படுவதில்லை.

வரிசை அற்ப விஷயம் அல்ல. அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, ஒரே நாளில் வரும் பற்றுகளைப் பெரிய தொகையிலிருந்து சிறிய தொகைக்கு என்று அடுக்கியது. பெரியது முதலில் இருப்பைக் காலி செய்தால், பின்னால் வரும் சின்னச் சின்னப் பற்றுகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டணம் போடலாம் அல்லவா? 2010-இல் கலிஃபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் ஏறத்தாழ 20 கோடி டாலரைத் திருப்பித் தரச் சொன்னது. நம் வங்கிகள் அப்படித் திட்டமிட்டு அடுக்குகின்றன என்று நான் சொல்லவில்லை. ஒரே தொகை, ஒரே நாள், ஒரே இருப்பு என்று இருந்தாலும் வரிசை மாறினால் கட்டணம் மாறும் என்பதற்கு அந்த வழக்கு சாட்சி.

மூன்றாவது, நிதி ஆலோசனைப் பத்திகள் தரும் கணக்கு. வட்டி அதிகமான கடனை முதலில் அடை என்பது அது. ஆண்டுக்கணக்கில் கடனைக் குறைக்க நினைப்பவருக்குச் சரியான அறிவுரை. ஒரு வாரத்துக்கு அது பொருந்துமா என்பதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

3. எட்டு நாள்

கீழே வருவது இக்கட்டுரைக்காக நான் அமைத்த மாதிரி. கட்டணத் தொகைகள் தனியார் வங்கிகள், கடன் நிறுவனங்கள் ஆகியவற்றின் கட்டணப் பட்டியல்களில் வழக்கமாகக் காணப்படும் அளவை ஒட்டியவை. தவணை திரும்பினால் வங்கி பிடிப்பது 500 ரூபாயும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 590. கடன் நிறுவனம் போடும் பவுன்ஸ் கட்டணம் 500. நிலுவைத் தொகைக்கு அபராதக் கட்டணம் ஆண்டுக்கு 24 சதவீதம்.

கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் ஒரு பட்டறையில் மேற்பார்வையாளர். சம்பளம் 42,000, கணக்கு மினிமம் பேலன்ஸ் தேவைப்படாத சம்பளக் கணக்கு. வாடகை மனைவியின் சம்பளத்தில் போகிறது. மளிகையும் பெட்ரோலும் கிரெடிட் கார்டில். மாதக் கடைசியில் கணக்கில் 3,140 ரூபாய். அவர் சென்ற மாதம் வங்கி மாறியிருந்தார். புதிய கணக்கு எண்ணைப் பதியும்போது கணக்குப் பிரிவில் ஓர் இலக்கம் மாறி விழுந்துவிட்டது.

1-ஆம் தேதி, வெள்ளி. மாலையில் எல்லோருக்கும் சம்பளம் ஏறுகிறது, இவருக்கு இல்லை. நெஃப்ட் முறையில் பெறும் வங்கி கணக்கு எண்ணை மட்டுமே பார்த்து வரவு வைக்கும். பெயர் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதில்லை. இவர் விஷயத்தில் அந்த எண்ணில் கணக்கே இல்லாததால், பணம் இரண்டு மணி நேரத்துக்குள் கம்பெனிக் கணக்குக்கே திரும்பிவிட்டது. ஒருவகையில் அது அதிர்ஷ்டம். அந்த எண்ணில் யாராவது இருந்திருந்தால் 42,000 ரூபாயும் முன்பின் தெரியாதவர் கணக்கில் உட்கார்ந்திருக்கும். அவர் சம்மதித்தால்தான் எளிதில் மீளும்.

சனிக்கிழமை காலை அவர் கணக்குப் பிரிவுக்குப் போன் போடுகிறார். “போட்டாச்சுங்க, வந்துரும், பாருங்க” என்று பதில். சொன்னவர் பொய் சொல்லவில்லை. அனுப்பிய பட்டியலில் இவர் பெயருக்கு நேரே டிக் இருக்கிறது. திரும்பி வந்த வரவு கம்பெனியின் வங்கி ஸ்டேட்மெண்ட்டில் வேறொரு வரியில் இருக்கிறது. அதை அவர் பார்க்கவில்லை.

3-ஆம் தேதி, ஞாயிறு. வண்டிக் கடன் தவணை 4,860. மேண்டேட்டுகளை இயக்கும் என்.ஏ.சி.எச். முறை 2021 ஆகஸ்ட் 1 முதல் விடுமுறை நாட்களிலும் ஓடுகிறது. சம்பளம் போடும் அலுவலகத்துக்கு ஞாயிறு விடுமுறை, பணம் பிடிக்கும் முறைக்கு இல்லை. 3,140 போதவில்லை, தவணை திரும்புகிறது. வங்கி 590-ஐ எடுத்துக்கொள்ள, மீதி 2,550.

5-ஆம் தேதி, செவ்வாய். முதலீட்டுத் தவணை 2,000, தனிநபர் கடன் தவணை 9,340. சின்னது முதலில் வந்து 2,000-ஐ எடுத்துக்கொண்டது, மீதி 550. பிறகு பெரியது வந்து திரும்புகிறது. வங்கியின் கட்டணம் 590, கணக்கில் இருப்பதோ 550. அதைத் துடைத்து எடுத்துவிட்டு, பாக்கி 40 ரூபாயைக் கணக்கின் மேல் லியனாகப் போடுகிறது. இனி அந்தக் கணக்கில் யார் எவ்வளவு போட்டாலும் முதல் 40 ரூபாய் வங்கிக்கு.

6-ஆம் தேதி, புதன். வண்டிக் கடன் நிறுவனத்திலிருந்து காலையிலேயே போன். நாளை மறுபடியும் மேண்டேட் போடுவார்களாம். மைத்துனரிடம் 4,900 ரூபாய் வாங்கி, தவணைக்குப் போதும் என்று கணக்கில் போடுகிறார். 40 போய் 4,860 நிற்கிறது. தவணைத் தொகையும் அதுவே, ரூபாய்கூடப் பிசகவில்லை. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

7-ஆம் தேதி, வியாழன். காப்பீட்டுப் பிரீமியம் 580 முதலில் வருகிறது. மாதாமாதம் தானாகப் போவதால் அவர் நினைவிலேயே இல்லாத தொகை அது. மீதி 4,280. பிறகு வந்த வண்டித் தவணை இரண்டாம் முறை திரும்புகிறது. வங்கி இன்னொரு 590 பிடிக்க, மீதி 3,690. கடன் வாங்கிய 4,900 எதற்காக வாங்கப்பட்டதோ அது நடக்கவில்லை.

இந்த வாரத்தில் அவர் சரியாகச் செய்தது ஒன்று. மகளின் பள்ளிக்கு 8-ஆம் தேதியிட்டுக் கொடுத்த 12,500 ரூபாய்க் காசோலைக்காக முன்கூட்டியே அலுவலகத்துக்குப் போய், திங்கள் வரை போடாமல் வைத்திருக்கக் கேட்டுக்கொண்டார். அவர்களும் சரி என்றார்கள். செலவு ஒன்றுமில்லை.

9-ஆம் தேதி, சனி. எண் திருத்தப்பட்டு, கம்பெனியின் இரண்டு கையெழுத்துக்காரர்களில் ஊரில் இல்லாதவர் திரும்பி வந்து, சம்பளம் ஏறுகிறது.

4. நாள் கணக்கும் தடவைக் கணக்கும்

வங்கி மூன்று முறை 590 பிடித்தது: 1,770. வண்டிக் கடன் நிறுவனம் இரண்டு முறை 500, தனிநபர் கடன் நிறுவனம் ஒரு முறை: 1,500. ஆக 3,270.

இப்போது தாமதத்துக்கான அபராதத்தைப் பார்ப்போம். 4,860 ரூபாய் ஆறு நாள் நிலுவையில் இருந்ததற்கு 24 சதவீத வீதத்தில் 19 ரூபாய். 9,340 ரூபாய் நான்கு நாள் நின்றதற்கு 25 ரூபாய். சேர்த்து 44.

எட்டு நாள் தாமதத்தின் விலை 44 ரூபாய். மூன்று முறை தட்டித் திரும்பியதன் விலை 3,270. வட்டி அதிகமான கடனை முதலில் அடை என்ற அறிவுரை குறிவைப்பது அந்த 44-ஐ. வட்டி வீதம் இரட்டிப்பாக இருந்தாலும் அது 88 ஆகியிருக்கும், அவ்வளவே. முதல் வாரத்தில் காலம் மலிவு, தடவைதான் விலை. ஆகவே கேட்க வேண்டியது “எந்தக் கடன் அதிக நாள் நிற்கிறது” என்பதல்ல. “எந்த மேண்டேட் அடுத்து வரும், அது வரும் நிமிடத்தில் கணக்கில் என்ன இருக்கும்” என்பது.

இதிலிருந்து ஒரு விநோதமும் புலப்படுகிறது. 2,000 ரூபாய் முதலீட்டுத் தவணை திரும்பினால் வங்கி பிடிப்பது 590. 9,340 ரூபாய்த் தவணை திரும்பினாலும் 590. கட்டணம் தொகையைப் பார்ப்பதில்லை. எனவே கைப்பணம் குறைவாக இருக்கும்போது சிறிய மேண்டேட்டுகளைக் காப்பதே லாபம். 580 ரூபாயைக் கணக்கில் வைத்து 590 ரூபாயைத் தவிர்க்கிறோம். 9,340 வைத்துத் தவிர்ப்பதும் வங்கியின் 590-உம் நிறுவனத்தின் 500-உம் மட்டுமே. பெரிய கடனுக்குத்தான் பயப்பட வேண்டும் என்ற உள்ளுணர்வுக்கு நேர் எதிரான முடிவு இது. எனக்கே இதை எழுதி, கூட்டிப் பார்த்த பிறகுதான் நம்பிக்கை வந்தது.

5. அதே 4,900, வேறு வரிசை

மைத்துனரிடம் கிடைக்கக்கூடிய தொகை 4,900-க்கு மேல் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அதைப் புதன்கிழமை கேட்காமல் சனிக்கிழமையே கேட்டிருந்தால்?

சனிக்கிழமை முதல் வேலை கணக்குப் பிரிவிடம் கேள்வியை மாற்றிக் கேட்பது. “போட்டாச்சா” என்று கேட்டால் “போட்டாச்சு” என்றுதான் வரும். “என் பெயருக்கான யு.டி.ஆர். எண்ணைக் கொடுங்கள், கம்பெனி ஸ்டேட்மெண்ட்டில் அதே தொகை திரும்ப வரவாகியிருக்கிறதா என்று பாருங்கள்” என்று கேட்டால் பத்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். அனுப்பவே இல்லையா, அனுப்பித் திரும்பியதா, வேறொருவர் கணக்கில் ஏறியதா என்ற மூன்றில் எது என்பதைப் பொறுத்தே கைமாற்று எத்தனை நாள் தாங்க வேண்டும் என்பது முடிவாகும். முதல் இரண்டும் சில நாள் விஷயம், மூன்றாவது வாரக்கணக்கில் இழுக்கலாம்.

அடுத்தது 15-ஆம் தேதி வரை வரவிருக்கும் எல்லா மேண்டேட்டுகளையும் தேதிவாரியாக ஒரு தாளில் எழுதுவது. நெட் பேங்கிங்கில் மேண்டேட் பட்டியல் இருக்கும். இல்லாவிட்டால் சென்ற மாத ஸ்டேட்மெண்ட் போதும். மறந்துபோன அந்த 580 இங்கேதான் வெளியே வரும்.

இனி பணத்தைப் பிரிக்கலாம். சனிக்கிழமை 1,800 ரூபாயைக் கணக்கில் போட்டால் இருப்பு 4,940. ஞாயிறன்று வண்டித் தவணை 4,860 போய் 80 மிஞ்சும். செவ்வாய்க்கு வருவது 2,000-உம் 9,340-உம். பெரியதற்கு வழியில்லை, அது ஒரு முறை திரும்பியே தீரும். இங்கே நுட்பம் ஒன்று உண்டு. 2,000-ஐ மட்டும் வைத்திருந்தால் போதாது. பெரியது முதலில் வந்து திரும்பினால், வங்கி 590-ஐ எடுத்துவிடும். பின்னால் வரும் சின்னதும் திரும்பும். எது முதலில் வரும் என்று நமக்குத் தெரியாது. ஆகவே கட்டணத்தையும் சேர்த்து வைக்க வேண்டும். திங்களன்று 2,600 போட்டால் இருப்பு 2,680. எந்த வரிசையில் வந்தாலும் 590-உம் 2,000-உம் போய் 90 மிஞ்சும். புதனன்று கடைசி 500-ஐப் போட்டால் 590. வியாழன் பிரீமியம் 580 போய் கணக்கில் பத்து ரூபாய் நிற்கும்.

இந்த வழியில் திரும்பியது ஒரே ஒரு தவணை. வங்கிக்கு 590, கடன் நிறுவனத்துக்கு 500, அபராதம் 25. முன்னதில் 3,270-உம் 44-உம். இதில் 1,090-உம் 25-உம். வாங்கிய கைமாற்று இரண்டிலும் 4,900.

சனிக்கிழமை தவறிவிட்டது, ஏற்கெனவே இரண்டு தவணை திரும்பியாகிவிட்டது, புதன்கிழமைதான் விழித்துக்கொண்டார் என்றால்? அப்போதும் கைமாற்றைக் கணக்கில் போடுவது தவறு. லியன் இருக்கும் கணக்கு ஓட்டைப் பானை. மைத்துனரின் போனிலிருந்தே கடன் நிறுவனத்தின் செயலி வழியாகவோ பணம் கட்டும் இணைப்பு வழியாகவோ 4,860-ஐ நேரே கட்டிவிட்டு, ரசீது எண்ணைச் சொல்லி நாளைய மேண்டேட்டை நிறுத்தச் சொல்ல வேண்டும். அனுப்பியாகிவிட்டது என்று அவர்கள் சொன்னால், வங்கியின் 590 இன்னொரு முறை போகலாம்; ஆனால் தவணை கட்டப்பட்டிருக்கும். கட்டும்போது திரையில் நிலுவைத் தவணையும் கட்டணங்களும் தனித்தனியாகக் காட்டப்படும் இடங்களில், தவணையை மட்டும் தேர்ந்தெடுப்பது நல்லது. கட்டணத்துக்கு முதலில் ஈடுசெய்துகொண்டால், தவணை 500 ரூபாய் குறையாக நின்று, நிலுவை நிலுவையாகவே தொடரும்.

மேண்டேட்டையே ரத்து செய்துவிடு என்று சிலர் யோசனை சொல்வதுண்டு. முதலீட்டுத் தவணைக்கு அது சரி. நிறுத்திவைப்பதால் இழப்பு பெரிதில்லை, ஆனால் ரத்து நடைமுறைக்கு வர ஓரிரு வேலைநாள் பிடிக்கும். கடனுக்கு அதைச் செய்யக் கூடாது. கடன் அப்படியே நிற்கும், ஒப்பந்தத்தை மீறியதாகும், புதிய மேண்டேட் பதிய மறுபடி அலைச்சல்.

6. சம்பளம் ஏறிய நாள்

பலரும் இரண்டாம் முறை தடுக்கி விழுவது 9-ஆம் தேதியில். பணம் வந்துவிட்ட மகிழ்ச்சியில் தனிநபர் கடன் தவணை 9,340-ஐச் செயலியில் நேரே கட்டுகிறார். திங்களன்று அதே நிறுவனம் ஏற்கெனவே அனுப்பியிருந்த மேண்டேட்டும் வந்து இன்னொரு 9,340-ஐ எடுத்துக்கொள்கிறது. பணம் திரும்ப வரும்தான், ஆனால் அதற்குள் 12-ஆம் தேதி கார்டு பில் 11,600 வந்து நிற்கும். அது திரும்பினால் சங்கிலி மறுபடி முதல் கண்ணியிலிருந்து தொடங்கும். ஆகவே கட்டுவதற்கு முன் ஒரே கேள்வி: “மறுபடி மேண்டேட் போட்டிருக்கீங்களா, எந்தத் தேதிக்கு?” போட்டிருக்கிறார்கள் என்றால் கட்டாமல் இருப்பை வைத்துக் காத்திருக்கலாம், இரண்டு நாளின் அபராதம் பன்னிரண்டு ரூபாய். இல்லை என்றால் உடனே கட்டலாம். ஒரு கடனுக்கு ஒரே வழி.

பவுன்ஸ் கட்டணம் 500-ஐச் சில நிறுவனங்கள் தனி மேண்டேட்டாகவே அனுப்புவதுண்டு. 500 ரூபாய்க் கட்டணத்தை வசூலிக்க வந்த மேண்டேட் இருப்பில்லாமல் திரும்பி, அதற்கு வங்கி 590 பிடிக்கும் காட்சி நகைச்சுவையாகத் தோன்றலாம், பாஸ்புக்கில் பார்க்கும்வரை.

அடுத்த காவல் கார்டுக்கு. மற்றவற்றில் தாமதம் மலிவு என்றேன், கார்டில் அப்படியல்ல. முழுத் தொகையைக் கட்டத் தவறினால் வட்டியில்லாக் காலம் போய்விடும். வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும். மாதம் 3.5 சதவீதத்துக்கு மேலும் போகக்கூடிய வட்டி அது. தாமதக் கட்டணத்துக்கு மட்டும் ஒரு மூச்சுவிடும் இடம் உண்டு. ரிசர்வ் வங்கியின் 2022 வழிகாட்டுதல்படி, கெடு முடிந்து மூன்று நாளுக்கு மேல் பாக்கி நின்றால்தான் தாமதக் கட்டணம் போடலாம், கடன் தகவல் நிறுவனங்களுக்கும் தெரிவிக்கலாம். 12-ஆம் தேதி தவறினாலும் 15-க்குள் கட்டிவிட்டால் அந்தக் கட்டணம் விழக் கூடாது.

கார்டுக்கும் பள்ளிக் காசோலைக்கும் தொகையை ஒதுக்கி, கடன்களைக் கட்டி, மைத்துனருக்குக் கொடுத்த பிறகு நம் மனிதரிடம் மிஞ்சுவது எவ்வளவு? நடந்த கதையில் 946 ரூபாய். சனிக்கிழமை விழித்துக்கொண்ட கதையில் 3,145. பின்னது மாதக் கடைசியில் அவரிடம் இருந்த 3,140-ஐ ஒத்திருப்பதைக் கவனிக்கலாம். முன்னதில் அடுத்த மாதம் 3-ஆம் தேதிக்குச் சம்பளம் ஒரு நாள் பிந்தினாலும் தாங்கும் மெத்தை இல்லை.

7. வாதத்தின் எல்லை

மேலே சொன்ன வரிசை, சம்பளம் சில நாளில் வந்துவிடும் என்ற நிலைக்கு மட்டுமே. கம்பெனியே தள்ளாடுகிறது, மாதம் முழுக்க வராது என்றால் கணக்கு தலைகீழாகும். அப்போது காலம் விலையேறும். நிலுவை 30 நாளைத் தாண்டினால் கடன் அடுத்த எச்சரிக்கைப் பிரிவுக்குப் போகும். 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். மாதப் பிரீமியத்துக்குப் பொதுவாகச் சலுகைக் காலம் 15 நாள்தான். அதற்குப் பிறகு பாலிசி காலாவதியாகும். அந்த நிலையில் சிறிய மேண்டேட்டுகளைக் காக்கும் உத்தி பயன்படாது. கடன் நிறுவனத்தோடு தவணையைத் தள்ளிவைக்கப் பேசுவதுதான் முதல் வேலை.

சட்ட பயமும் இங்கே அளவறிந்து வைக்கப்பட வேண்டும். வசூல் பேசுபவர்கள் 138-ஆம் பிரிவு என்று சொல்வார்கள். காசோலை மட்டுமல்ல, இருப்பில்லாமல் திரும்பிய மின்னணுப் பற்றும் குற்றமாகலாம் என்பது உண்மை; 2007-ஆம் ஆண்டுப் பணப்பரிமாற்றச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அதற்கு இடமளிக்கிறது. ஆனால் இரண்டிலும் எழுத்துமூல நோட்டீஸ் வர வேண்டும். அது கைக்கு வந்து 15 நாளுக்குள் தொகையைக் கட்டிவிட்டால் வழக்கு எழாது. புதன்கிழமைக் காலைப் போனில் யாரும் சிறைக்குப் போவதில்லை.

8. கட்டணத்தைத் திரும்பக் கேட்பது

கட்டணத் தள்ளுபடி கடைசி வேலை, முதல் வேலை அல்ல. தவணைகள் நிலுவையில் இருக்கும்போது கேட்டால் யாரும் காது கொடுப்பதில்லை. கேட்பதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் கம்பெனியிடம் ஒரு கடிதம்: சம்பளம் அனுப்பிய தேதி, யு.டி.ஆர். எண், திரும்பிய தேதி, காரணம், மறுபடி அனுப்பிய தேதி ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். பிழை தங்களுடையது என்று எழுதத் தயங்குவார்கள். “கணக்கு எண் பதிவில் ஏற்பட்ட பிழையால்” என்ற செயப்பாட்டு வாக்கியத்துக்குச் சம்மதிப்பார்கள், அது போதும். பிறகு சம்பளக் கணக்கு இருக்கும் கிளை. அங்கே மேலாளருக்கு ஓரளவு அதிகாரம் உண்டு, சம்பளக் கணக்கை இழக்க விரும்பாததால் மனமும் உண்டு. கடன் நிறுவனங்கள் அதற்குப் பிறகு, எழுத்தில் மட்டும். 30 நாளில் பதில் இல்லை, அல்லது திருப்தி இல்லை என்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

பிழை கம்பெனியுடையதாக இல்லாமல் வங்கியுடையதாக இருந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? நெஃப்ட் வரவைத் தாமதித்த வங்கி, ரெப்போ வீதத்தோடு இரண்டு சதவீதம் சேர்த்து வட்டி தர வேண்டும். ரெப்போ 5.5 என்று கொண்டால் 42,000 ரூபாய்க்கு எட்டு நாளில் 69 ரூபாய். அதே சம்பளம் என்.ஏ.சி.எச். வழியாக வந்து தாமதமாகியிருந்தால், 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி மறுநாளுக்குப் பிந்தைய ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய், சுமார் 700. எந்தக் குழாய் வழியாகப் பணம் வந்தது என்பதை வைத்து இழப்பீடு பத்து மடங்கு மாறுகிறது. இரண்டிலுமே வாடிக்கையாளர் கட்டிய 3,270 ரூபாய் கணக்கில் வருவதில்லை. வங்கி தாமதித்தால் நாள் கணக்கு, வாடிக்கையாளர் தாமதித்தால் தடவைக் கணக்கு.

கடைசியாகக் கடன் வரலாறு. 2025 ஜனவரி 1 முதல் கடன் நிறுவனங்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறையேனும் தகவல் அனுப்ப வேண்டும். 15-ஆம் தேதி நிலவரம் எடுக்கப்படும்போது தவணை கட்டப்பட்டிருந்தால் நிலுவை நாட்கள் பூஜ்யமாகப் பதிவாக வேண்டும். மாதக் கடைசியில் அறிக்கையை எடுத்துப் பார்த்து, வேறு எண் இருந்தால் ரசீதோடு திருத்தம் கோரலாம். கோரி 30 நாளில் திருத்தாவிட்டால், 31-ஆம் நாளிலிருந்து நாளொன்றுக்கு 100 ரூபாய் அவர்கள் நமக்குத் தர வேண்டும்.